என்ஆர்ஐயா இல்லையா? பாஸ்போர்ட் முத்திரையை வைத்து நாள் எண்ணும் கணக்கு

ரிட்டர்ன் தாக்கல் செய்யும் மாதங்களில் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கத்து ஆடிட்டர் ஆபீஸ்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "சார், நான் துபாய்லதான் இருந்தேன். என்ஆர்ஐன்னு போட்டு விட்ருங்க." ஏன் என்று கேட்டால் கையில் ரெசிடென்ஸ் விசா இருக்கிறது, பேங்கில் என்ஆர்இ அக்கவுண்ட் இருக்கிறது, பத்து வருடமாக அங்கேதான் வேலை என்பார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் வருமான வரிச் சட்டம் அந்த மூன்றையும் கேட்பதில்லை. அந்த வருடத்தில் நீங்கள் இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தீர்கள் என்றுதான் கேட்கிறது. 1961 சட்டத்தின் 6வது பிரிவு கிட்டத்தட்ட முழுக்க நாள் கணக்குதான்.

2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது. இருந்தாலும் 2025-26 நிதியாண்டுக்கான ரிட்டர்ன் பழைய சட்டப்படிதான் போகிறது. நாள் எண்ணும் விதி புதிய சட்டத்திலும் அப்படியே இருப்பதால் இங்கே சொல்வது அடுத்தடுத்த வருடங்களுக்கும் பொருந்தும்.

வருடம் என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இங்கேதான் முதல் சறுக்கல். அங்கே லீவு, கான்ட்ராக்ட் எல்லாமே ஜனவரி–டிசம்பர் கணக்கில் ஓடும். "2025ல மொத்தமே மூணரை மாசம்தான் சார் ஊர்ல இருந்தேன்" என்று சத்தியம் செய்வார்கள். சத்தியம் சரி, வருடம் தப்பு. இன்னொன்று: இந்தியாவில் ஒரு வருடத்துக்கு ஒரே நிலைதான். ஜனவரியில் திரும்பி வந்தவர் ஏப்ரல் முதல் டிசம்பர் வரை என்ஆர்ஐ, அதன்பின் ரெசிடென்ட் என்று பாதியாகப் பிரித்துக்கொள்ள முடியாது. நாள் கணக்கு எந்தப் பக்கம் விழுகிறதோ, பன்னிரண்டு மாதமும் அந்தப் பக்கம்தான்.

சட்டம் இரண்டு கேள்வி கேட்கிறது. முதல் கேள்வி எளிது: அந்த வருடத்தில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்தீர்களா? ஆம் என்றால் ரெசிடென்ட். இல்லையென்றால் இரண்டாவது கேள்வி: அந்த வருடத்தில் 60 நாளாவது இருந்தீர்களா, அதோடு அதற்கு முந்தைய நான்கு வருடங்களில் மொத்தம் 365 நாளாவது இருந்தீர்களா? இந்த இரண்டும் சேர்ந்து வந்தால்தான் ரெசிடென்ட். ஒன்று மட்டும் இருந்தால் போதாது.

ஊரில் இந்த 60 நாள் பற்றித்தான் தேவையில்லாத பயம் அதிகம். "ரெண்டு மாசத்துக்கு மேல தங்கினா வரி போட்ருவாங்களாமே" என்று டிக்கெட்டை முன்கூட்டியே மாற்றிக்கொண்டு போனவர்கள் உண்டு. வருடத்துக்கு ஐம்பது, அறுபது நாள் லீவில் வந்துபோகும் ஒருவருக்கு நான்கு வருடக் கூட்டு இருநூறு, இருநூற்று நாற்பது நாள்தான் வரும். 365ஐத் தொடாது. தொடாத வரைக்கும் 60 நாள் விதி அவரை ஒன்றும் செய்யாது. வருடா வருடம் மூன்று மாதத்துக்கு மேல் ஊரில் தங்குகிறவருக்குத்தான் அது உயிர் பெறும். அவருக்கும் ஒரு சலுகை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன் ஊரைப் பார்க்க வந்துபோனால் அந்த 60க்குப் பதில் 182 என்று வைத்துக்கொள்ளலாம். 'வந்துபோனால்' என்பதைக் கவனியுங்கள். வேலையை முடித்துக்கொண்டு மூட்டை கட்டி வந்துவிட்டவர் அந்த வருடத்துக்கு இந்தச் சலுகையைக் கேட்டால் கேள்வி வரும். அதனால் நிரந்தரமாகத் திரும்பியவர்கள் முதலில் முந்தைய நான்கு வருடக் கூட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

15 லட்சம், 120 நாள் என்று ஒரு விதியும் 2020இல் வந்தது. இந்தியாவில் கிடைக்கும் வருமானம் மட்டும் 15 லட்சத்தைத் தாண்டினால்தான் அது நம்மைத் தொடும். நாள் கணக்கே இல்லாமல், எந்த நாட்டிலும் வரி கட்டாதவரை ரெசிடென்ட் என்று கருதும் விதிக்கும் இதே 15 லட்ச வரம்புதான். வளைகுடாவில் சம்பாதித்த சம்பளத்துக்கு இதனால் இங்கே வரி வராது என்று அந்த வருடமே வருமான வரித்துறை விளக்கம் கொடுத்துவிட்டது. ஊரில் ஒரு கடை வாடகையும் கொஞ்சம் டெபாசிட்டும் வைத்திருப்பவர் இதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கப்பல் வேலைக்காரர்களுக்கு நாள் எண்ணும் முறையே வேறு. அதை இங்கே எடுக்கவில்லை.

இனி எண்ணுவது. ஆதாரம் பாஸ்போர்ட்டில் இந்தியக் குடியேற்ற அதிகாரி போட்ட முத்திரை. டிக்கெட் அல்ல. நம் பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் பெங்களூரு விமான நிலையத்தில்தான் ஏறி இறங்குகிறார்கள், அதுவும் நடுராத்திரிக்கு மேல். துபாயில் 8ஆம் தேதி ராத்திரி ஏறியவருக்கு இங்கே முத்திரை 9ஆம் தேதி விழும். திரும்பும்போது நேர்மாறு. 1ஆம் தேதி விடியற்காலை இரண்டரை மணி விமானத்துக்கு, முந்தின ராத்திரி பதினொன்றரைக்கே இமிக்ரேஷன் கவுன்டரைத் தாண்டியிருப்பார். முத்திரையில் 30 அல்லது 31 என்றிருக்கும், டிக்கெட்டில் 1 என்றிருக்கும். மெயிலில் கிடக்கும் டிக்கெட்டுகளை வைத்து எண்ணினால் ஒவ்வொரு பயணத்திலும் ஒன்று இரண்டு நாள் தப்பும். மூன்று பயணம் போனால் நான்கைந்து நாள்.

முத்திரை சில சமயம் மங்கலாக, ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்திருக்கும். அப்போது போர்டிங் பாஸ், விமான நிறுவனத்தின் மெயில் இவற்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம். துபாயில் இருந்தவர்கள் அங்கத்திய குடியேற்றத் துறையில் தங்கள் நுழைவு, வெளியேற்ற அறிக்கையை வாங்கிக்கொள்ள முடியும். விசா ரத்தாகி ஊருக்கு வந்தபின் அதைத் தேடுவதைவிட, கிளம்பும் முன் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. பாஸ்போர்ட் புதுப்பித்தவர்கள் மூலை வெட்டிக் கொடுத்த பழைய புத்தகத்தை எக்காரணம் கொண்டும் தொலைக்கக் கூடாது. ஏன் என்று கீழே வரும் ஏழு வருடக் கணக்கில் தெரியும்.

வந்த நாள், கிளம்பிய நாள் இரண்டையும் சேர்ப்பதா? சேர்ப்பதுதான் பொதுவான வழக்கம். ஒரு நாளில் சில மணி நேரம் இருந்தாலும் அன்று இந்தியாவில் இருந்ததாகத்தான் கொள்ள வேண்டும் என்பது அதன் தர்க்கம். வந்த நாளை விட்டுவிட்டு எண்ணலாம் என்று வரி செலுத்துபவருக்குச் சாதகமாகச் சொன்ன தீர்ப்பாய முடிவுகளும் இருக்கின்றன. அதனால் இரண்டு விதமாகவும் எண்ணிப் பார்த்துவிடுங்கள். விடை இரண்டிலும் ஒரே பக்கம் விழுந்தால் வேலை முடிந்தது. ஒன்றில் 182, மற்றொன்றில் 180 என்று விழுந்தால் மட்டும் நீங்களாக முடிவு செய்யாமல், முத்திரைகளோடு ஆடிட்டர் முன்னால் உட்காருங்கள்.

ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர், 2016 மார்ச்சிலிருந்து துபாயில் ஏசி மெக்கானிக் என்று வைத்துக்கொள்வோம். 2025 மார்ச் 28இல் லீவில் வந்தார். மாந்தோப்புக் குத்தகை பேசி முடித்துவிட்டு மே 20இல் திரும்பினார். அக்டோபர் 9 அதிகாலை பெங்களூரில் இறங்கினார். மகள் கல்யாணம் முடிந்து டிசம்பர் 1 விடியற்காலை விமானத்தில் போனார், வெளியேறும் முத்திரை நவம்பர் 30. பிறகு கம்பெனியில் கணக்கு முடித்துக்கொண்டு 2026 ஜனவரி 9இல், பொங்கலுக்கு முன்னால், ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார்.

அவர் சொல்லும் கணக்கு இப்படி இருக்கும்: "மார்ச்ல வந்தது போன வருஷத்து லீவு. அதை விட்டா அக்டோபர், நவம்பர்ல ஒரு ஐம்பத்து மூணு நாள். ஜனவரிக்கு அப்புறம் எம்பது நாள் சொச்சம். நூத்தி முப்பத்தஞ்சு வருதா? நான் என்ஆர்ஐதான்."

கம்பெனி எந்த வருட லீவாகக் கொடுத்தது என்பது சட்டத்துக்குத் தேவையில்லை. மார்ச் 28 முதல் 31 வரையுள்ள நான்கு நாள் 2024-25இல் போகும். ஏப்ரல் 1 முதல் மே 20 வரை ஏப்ரலில் 30, மேயில் 20, ஆக 50 நாள் 2025-26இல் வந்து உட்காரும். அக்டோபர் 9 முதல் 31 வரை 23, நவம்பர் 30, ஆக 53. ஜனவரி 9 முதல் 31 வரை 23, பிப்ரவரி 28, மார்ச் 31, ஆக 82. மூன்றையும் கூட்டினால் 185. வந்த நாட்களை விட்டு எண்ணினாலும், இந்த வருடத்துக்குள் விழும் வருகை இரண்டுதான், அக்டோபர் 9, ஜனவரி 9. அவற்றைக் கழித்தால் 183. எப்படி எண்ணினாலும் 182ஐத் தாண்டிவிட்டார். ரெசிடென்ட்.

காகிதத்தில் விரல் விட்டு எண்ணுவதைவிட, எக்ஸலிலோ கூகுள் ஷீட்டிலோ முதல் பத்தியில் வந்த தேதி, இரண்டாவதில் கிளம்பிய தேதி போட்டு, மூன்றாவதில் இதை எழுதினால் வருடத்துக்கு வெளியே கிடக்கும் நாட்களை அதுவே வெட்டிவிடும்:

```
=MAX(0, MIN(B2, DATE(2026,3,31)) - MAX(A2, DATE(2025,4,1)) + 1)
```

கடைசி `+ 1` முக்கியம். தேதியிலிருந்து தேதியைக் கழித்தால் ஒரு நாள் விட்டுப்போகும், அதைச் சேர்ப்பதற்குத்தான் அது. மார்ச் 31 அன்று இன்னும் ஊரிலேயே இருந்தவர், கிளம்பிய தேதிக் கட்டத்தைக் காலியாக விடாமல் 2026 மார்ச் 31 என்று போட்டுவிடுவது நல்லது. காலியாக விட்டாலும் மார்ச் 31 வரை இருந்ததாகவே அது எண்ணிவிடும், ஆனால் கிளம்பிய தேதியைப் போட மறந்த பழைய பயணத்தையும் அப்படியே எண்ணிவிடும்.

ரெசிடென்ட் என்றதும் முகம் சுருங்கிவிடும். ஏப்ரலிலிருந்து வாங்கிய துபாய்ச் சம்பளம் முழுவதற்கும் இங்கே வரி கட்ட வேண்டுமா என்ற பயம். இங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். சட்டத்தில் இன்னொரு சல்லடை இருக்கிறது. ரெசிடென்ட் ஆனவரிலும் 'ஆர்என்ஓஆர்' என்று ஒரு நடு வகை உண்டு. சாதாரணமாக இங்கே வசிப்பவர் அல்லாத ரெசிடென்ட் என்று பொருள். இந்த வகைக்காரரின் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை.

அந்த வகையில் சேர இரண்டு வழி. முந்தைய பத்து வருடங்களில் ஒன்பதில் என்ஆர்ஐயாக இருந்திருக்க வேண்டும். அல்லது முந்தைய ஏழு வருடங்களில் இந்தியாவில் இருந்த நாள் மொத்தம் 729க்குள் இருக்க வேண்டும். இரண்டில் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும்.

நம் மெக்கானிக்குக்கு முதல் வழி அடைபடுகிறது. காரணம் கொரோனா. 2020 மார்ச் 10இல் லீவில் வந்தவர், சர்வதேச விமானங்கள் நின்றதால் மாட்டிக்கொண்டார். அக்டோபர் 18இல்தான் திரும்ப முடிந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் அக்டோபர் 18 வரை எண்ணினால் 201 நாள். அந்த ஒரு வருடம் அவர் ரெசிடென்ட் ஆகிவிட்டார். 2020-21க்கு எல்லோருக்கும் பொதுவாக நாளைக் கழித்துக்கொள்ளும் சலுகை தரப்படவில்லை. 2015-16இல் மார்ச் வரை ஊரில் இருந்ததால் அந்த வருடமும் ரெசிடென்ட். பத்தில் எட்டுதான் தேறுகிறது.

இரண்டாவது வழியைப் பார்ப்போம். பாஸ்போர்ட்டுகள் இரண்டையும் விரித்துப் போட்டால் 2018-19இல் 45 நாள், 2019-20இல் 52, 2020-21இல் 201, 2021-22இல் 38, 2022-23இல் 61, 2023-24இல் 47, 2024-25இல் 55. அந்த 55இல்தான் மேலே விட்டுவந்த மார்ச் மாத நான்கு நாளும் அடக்கம். ஏழையும் கூட்டினால் 499. கொரோனா வருடத்தையும் விழுங்கிக்கொண்டு 729க்கு வெகு கீழே நிற்கிறது. ஆக, ஆர்என்ஓஆர். அந்தப் பழைய பாஸ்போர்ட் இல்லாவிட்டால் 2018-19க்கும் 2019-20க்கும் எந்த எண்ணைப் போடுவது?

இதே பட்டியலில் கடைசி நான்கு வருடத்தைக் கூட்டினால் 201. 365ஐ எட்டவில்லை. இவர் நிரந்தரமாகத் திரும்பியவர் என்றாலும் 60 நாள் விதி இவரிடம் வரவே வராது. ஜனவரி 9க்குப் பதில் ஜனவரி 20இல் வந்திருந்தால் 174 நாள்தான் ஆகும், என்ஆர்ஐயாகவே இருந்திருப்பார்.

அப்படி இருந்திருந்தால் லாபமா? எல்லோரும் ஆம் என்றுதான் நினைக்கிறார்கள். இவருக்கு ஊரில் கடை வாடகை மாதம் 30,000 வருகிறது, வருடத்துக்கு 3,60,000. அதில் 30 சதவீதக் கழிவு போக 2,52,000. என்ஆர்ஓ டெபாசிட் வட்டி 3,48,000 என்று வைத்துக்கொண்டால் இந்திய வருமானம் சரியாக 6 லட்சம். புதிய வரிமுறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை, அடுத்த 2 லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 10,000. செஸ் சேர்த்து 10,400. வருமானம் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று சொல்கிறார்களே, அது 87ஏ பிரிவின் தள்ளுபடியால் வருவது. அந்தத் தள்ளுபடி ரெசிடென்டுக்கு மட்டும்தான். ஆர்என்ஓஆரும் ரெசிடென்ட்டில் சேர்ந்தவர்தான், அவருக்குக் கிடைக்கும். என்ஆர்ஐக்குக் கிடையாது.

ஆக 185 நாள் இருந்ததால் இவருடைய துபாய்ச் சம்பளத்துக்கும் வரி இல்லை, ஊர் வருமானத்துக்கும் வரி இல்லை. என்ஆர்ஓ வட்டியில் பேங்க் 31.2 சதவீதம் பிடித்திருக்கும், சுமார் 1,08,500 ரூபாய். அது முழுக்க ரீஃபண்டாக வரும். நாள் எண்ணாமல் "என்ஆர்ஐன்னு போட்டு விட்ருங்க" என்றிருந்தால், கட்ட வேண்டியதில்லாத 10,400ஐக் கட்டியிருப்பார். ஆயிரம் பேரில் ஒருவருக்கு நடக்கும் விஷயமல்ல இது. வளைகுடாவிலிருந்து திரும்பும் வருடத்தில், ஊரில் நடுத்தர வருமானம் உள்ள யாருக்கும் வரக்கூடியது.

ஒரு எச்சரிக்கை. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு வரி இல்லை என்பது அது முதலில் வெளிநாட்டில் கைக்கு வந்திருந்தால்தான். துபாய் அக்கவுண்டில் விழுந்து பிறகு ஊருக்கு அனுப்பிய பணம் சிக்கலில்லை. கடைசி செட்டில்மென்ட் பணத்தைக் கம்பெனி நேராக இந்திய அக்கவுண்டுக்கு அனுப்பினால், இந்தியாவில் பெற்ற வருமானம் என்று கேள்வி எழும். அது என்ஆர்ஐக்கும் பொருந்தும். அங்கத்திய அக்கவுண்டை மூடும் முன் செட்டில்மென்டை அதில் வாங்கிவிடுவது புத்திசாலித்தனம்.

என்ஆர்இ அக்கவுண்ட் வேறு விஷயம், இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதன் வட்டிக்கு உள்ள விலக்கு அந்நியச் செலாவணிக்கான ஃபெமா சட்டப்படி நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவரா என்பதைப் பொறுத்தது. அந்தச் சட்டம் எந்த நோக்கத்தோடு வந்தீர்கள் என்றும் பார்க்கும். இனி இங்கேதான் என்று ஜனவரி 9இல் வந்திறங்கியவர், அன்றிலிருந்தே அந்தச் சட்டத்தின் கண்ணில் உள்ளூர்க்காரர். ரிட்டர்னில் ஆர்என்ஓஆர் என்று போட்டாலும், அதன்பின் வரும் என்ஆர்இ வட்டி வரிக்கணக்கில் சேரும். பேங்குக்குப் போய் அக்கவுண்டை மாற்றச் சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. பேங்க் தானாக வந்து கேட்காது.

ரிட்டர்னில் இதெல்லாம் எங்கே வருகிறது? ஐடிஆர்-1 என்ஆர்ஐக்கும் ஆர்என்ஓஆருக்கும் ஆகாது. வாடகையும் வட்டியும் மட்டும் உள்ளவர் ஐடிஆர்-2 போட வேண்டும். அதன் முதல் பகுதியில் குடியிருப்பு நிலை என்ற இடத்தில் வெறும் வகையை மட்டும் கேட்பதில்லை, எந்த விதியால் அந்த வகை என்றும் ஒரு வரியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நம் மெக்கானிக் ஏழு வருடத்தில் 729 நாளுக்குள் என்ற வரியைத் தேர்ந்தெடுப்பார். பத்தில் ஒன்பது என்ற வரியைத் தொட்டால் அது பொய்யாகிவிடும். என்ஆர்ஐ என்று போடும் இந்தியக் குடிமகனிடம் இந்த வருடம் இருந்த நாள், முந்தைய நான்கு வருடத்தில் இருந்த நாள் இரண்டையும் எண்ணாகவே கேட்கும். "சுமார்" என்று எழுத அங்கே இடமில்லை.

ஊரைவிட்டுக் கிளம்பும் வருடத்தைப் பற்றியும் கொஞ்சம். ஓசூரிலிருந்து வேலைக்காக வெளிநாடு போகும் பையன்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். வேலைக்கென்று வெளியேறும் இந்தியக் குடிமகனுக்கு அந்த வருடத்தில் 60 நாள் கிடையாது, 182தான். ஏப்ரல் 1 முதல் இங்கேயே இருந்து செப்டம்பர் 28 முத்திரையோடு கிளம்பினால் 181 நாள், என்ஆர்ஐ. செப்டம்பர் 29 என்றால் 182, ரெசிடென்ட். செப்டம்பர் கடைசியில் டிக்கெட் போடுகிறவருக்கு இந்த ஒரு நாள் பெரிய விஷயம், அந்த வருடச் சம்பளமே இதில் தொங்குகிறது. ஆனால் 28இல் கிளம்பிவிட்டு தீபாவளிக்கு நான்கு நாள் வந்துபோனால் அந்த நான்கும் சேர்ந்துவிடும். கிளம்பிய கணக்கை முடித்தாகிவிட்டது என்று நினைத்துப் பிப்ரவரியில் ஒரு கல்யாணத்துக்கு வந்து மாட்டுகிறவர்கள்தான் அதிகம். புராஜெக்டுக்காக ஆறு வாரம் போய்வந்தவர் இதற்குள் வரமாட்டார், அவர் எப்போதும்போல் ரெசிடென்ட்தான்.

திரும்பி வந்தவருக்கு அடுத்து வரும் வருடங்களையும் இப்போதே எண்ணி வைத்துவிடலாம், நாள் எல்லாம் கையில் இருக்கிறதே. நம் மெக்கானிக் 2026-27இல் முழுக்க ஊரில் இருப்பார். அந்த வருடத்துக்கு முந்தைய ஏழு, 2019-20 முதல் 2025-26 வரை. கூட்டினால் 639. இன்னும் 729க்குள்தான், அந்த வருடமும் ஆர்என்ஓஆர். 2027-28க்கு வந்தால் 52 நாள் வெளியே போய் 365 நாள் உள்ளே வருகிறது, கூட்டு 952. சல்லடை மூடிக்கொள்கிறது, அந்த வருடத்திலிருந்து அவர் முழு ரெசிடென்ட்.

துபாய் பேங்கில் டெபாசிட் விட்டுவிட்டு வந்திருந்தால் 2026-27 வரை அதன் வட்டிக்கு இங்கே வரி இல்லை, அது அங்கேயே வரவாகும் வரைக்கும். 2027-28லிருந்து அந்த வட்டியும் வருமானத்தில் சேரும். அதோடு அந்த அக்கவுண்டையே ரிட்டர்னின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். காட்டாமல் விட்டால் 2015ஆம் வருடத்துக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் போட இடமிருக்கிறது. சிறு தொகைகளுக்குச் சில விலக்குகள் பின்னால் வந்திருந்தாலும், அந்தப் பகுதியைக் காலியாக விடுவது வீண் வம்பு. அங்கே வைத்திருப்பதை மூடி ஊருக்குக் கொண்டுவர நினைப்பவர் 2027 மார்ச் 31க்குள் அதைச் செய்துவிட்டால் நல்லது.